வெரி குட் இல்லாத பாடம்

சனிக்கிழமை காலை அந்த மாடி அறையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, நீள மேஜைக்குப் பின்னால், சரக்கு அனுப்பும் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்த அதிகாரி. அவருக்கு எதிரே கைப்பிடி இல்லாத ஒற்றை நாற்காலி, அது காலி. தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், யாராவது தாகம் என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பவர் மாதிரி, பயிற்சி சென்டரை நடத்தும் சென்டர்காரர். பீரோ ஓரத்தில், மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு, பாடம் நடத்துகிற அக்கா. கதவுக்கு வெளியே, மாடிப்படி முடிகிற இடத்தில் போட்ட பெஞ்சில் வரிசையாக நான்கு பட்டதாரிகள்: டவர், ரேடியோ, சிரிப்பு, கடைசியாக மாமா.

பெயர்க்காரணம் சொல்ல அதிக நேரமாகாது. டவர் இயற்பியல் படித்தவன். அவன் எழுந்து நின்றால் மின்விசிறியைப் பார்த்துப் பயப்படுவது மற்றவர்கள்தான். ரேடியோ வாயை மூடாத பெண். சிரிப்பு, எது கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு யோசிப்பவள். ஆசிரியை இவர்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள் என்பதால் மேடம் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை, அக்கா ஆகிவிட்டாள். அக்காவின் புருஷனே அதே வகுப்பில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபோது, அவர் மாமா ஆவதைத் தவிர வேறு வழியில்லை. அவளை மேடம் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். அதுவும் கிண்டலுக்கு.

மாமா வணிகவியல் பட்டதாரி. படித்து முடித்ததிலிருந்து வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தவர். அந்தக் கடையில் அவருடைய பிரிவை மூடிவிட்டார்கள் என்று ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு எங்கே போனாலும் இங்கிலீஷ் பேசுவியா என்றார்கள். இந்தக் கம்பெனியும் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் முதல் அவர் தம்பி வேலை பார்க்கும் வெளியூர்க் குடோனுக்குப் போய்விடுவது என்று பேசி வைத்திருந்தது. அங்கே போனால் மாதத்துக்கு ஒரு தடவை வீட்டைப் பார்க்கலாம். அதை நினைத்து நினைத்து, பல நாளாக அக்காவால் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை.

நேர்காணலுக்கான உரையாடலை எழுதியது அவள்தான். ஒரு பக்கம் கேட்பவர், ஒரு பக்கம் பதில் சொல்பவர். உன்னைப் பற்றிச் சொல், ஏன் இந்த வேலை, உன் பலம் என்ன, பலவீனம் என்ன, முன்பு பார்த்த வேலையை ஏன் விட்டாய் என்று கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று வாக்கியம். அதில் அவரவர் கதையை நிரப்பிக்கொள்ள இடம் விட்டிருந்தாள். கேள்விகளைத் தன் குரலில் பதிவு செய்து போனில் அனுப்பியிருந்தாள். வீட்டில் போட்டுக் கேட்பார்கள். கேள்வி வரும், பதில் சொல்ல இடைவெளி வரும், பிறகு அக்காவின் குரல் கனிவாக “வெரி குட்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். டவர் பல் தேய்க்கும்போதுகூட அதைப் போட்டுக் கேட்டான். அவன் வாயில் நுரையோடு இருந்தாலும் அது வெரி குட் சொல்லும்.

“நீங்க உள்ள இருக்கலாம்,” என்று அதிகாரி அக்காவிடம் சொல்லியிருந்தார். “ஆனா வாயத் திறக்கக் கூடாது. கண்ணால சிக்னல் குடுக்கறதும் கூடாது.”

முதலில் டவர் வந்தான். முழங்காலை எங்கே வைப்பது என்று நாற்காலியோடு கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்தான். பலவீனம் என்ன என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிற பழக்கம் உண்டு, இப்போது அதற்கு நேரம் வகுத்துக்கொள்கிறேன், அதனால் குறைந்திருக்கிறது என்று அழகாகச் சொன்னான். அக்காவின் மனசு குளிர்ந்தது.

அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எழுதினார்.

டவர் அவர் முகத்தைப் பார்த்தான். பேனாவைப் பார்த்தான். எதையோ எதிர்பார்த்தான். அது வரவில்லை. உடனே, “ஆல்ஸோ, சம் டேஸ், ஐ கெட் அப் லேட்,” என்றான். அப்போதும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். “வெரி லேட்,” என்றான். கடைசியில், தன் அண்ணன் தன்னைவிட மோசம் என்று சொல்லி முடித்தான்.

ரேடியோ வந்தாள். அவளும் பதிலைச் சரியாகத்தான் சொன்னாள். அவர் பேசாமல் இருந்ததும், காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அதே மூன்று வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொன்னாள். மூன்றாவது தடவை அவள் சொன்னது கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்டது. சிரிப்பு தன் பெயருக்கு ஏற்றபடி சிரித்தாள். நிறுத்த முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தண்ணீர் கேன் பக்கத்திலிருந்து சென்டர்காரர் அக்காவைப் பார்த்த பார்வையில் வாடகை பாக்கி எல்லாம் தெரிந்தது.

கடைசியில் மாமா. இஸ்திரி போட்ட சட்டை, காலையில் அவள் தேய்த்தது. பேச்சில் தடங்கலே இல்லை. உள்ளூரப் பெருமையாக இருந்தது அவளுக்கு. அதிகாரி கேட்டார்: “வொய் டிட் யூ லீவ் யுவர் லாஸ்ட் ஜாப்?”

பிரிவை மூடிவிட்டார்கள் என்று பயிற்சி செய்த பதிலைச் சொன்னார் மாமா. அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து எழுதினார். அறையில் பேனா தாளில் உரசுகிற சத்தம் மட்டும்.

மாமா தொண்டையைச் செருமினார். அக்காவுக்குத் தெரிந்துபோனது. வேண்டாம், நிறுத்துங்க, என்று உள்ளுக்குள்ளே கத்தினாள். கண்ணால் சிக்னல் கொடுக்கக் கூடாதே என்று தரையைப் பார்த்தாள்.

“ஆக்சுவலி, ஸார்,” என்றார் மாமா. “நோபடி க்ளோஸ்டு எனிதிங்.”

அதற்குப் பிறகு திறந்துவிட்ட குழாய்தான். யாரும் எதையும் மூடவில்லை. வாங்க வந்தவர்கள் முன்னால் முதலாளி ஒரு நாள் அவரை மாடு என்று திட்டினார். ஒரு வாரம் யோசித்தார். பிறகு அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். பிழையும் சரியும் கலந்த ஆங்கிலத்தில், வேகமாக, மூச்சு விடாமல். கடைசியாக, பீரோ ஓரம் திரும்பாமலே, “மை வைஃப் டஸ் நாட் நோ,” என்றார்.

அதிகாரி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்ததும் மாடிப்படியில் நின்று அக்காவிடம் பேசினார் அவர். எரிச்சல் இல்லை, குழப்பம்தான் இருந்தது அவர் குரலில்.

“நல்லாத்தாம்மா கத்துக் குடுத்திருக்கீங்க. நாலு பேரும் பதில் சரியாச் சொல்றாங்க. சொல்லி முடிச்சதும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. எதுக்கு? நான் என்ன குடுக்கணும் அவங்களுக்கு?”

அவளுக்கு அது சட்டென்று உறைத்தது: அந்த வெரி குட்.

“எங்க வேலை முழுக்க போன்ல. அந்தப் பக்கம் கஸ்டமர் கோவமா சும்மா இருப்பான். அந்தச் சும்மாவுக்குப் பயந்து இவங்க ‘ஆமா சார், எங்க தப்புதான் சார், பணம் திருப்பித் தர்றோம் சார்’னு ஒத்துக்கிட்டே போனா, கம்பெனி என்ன ஆகும் சொல்லுங்க?” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “வர்ற வியாழக்கிழமை எங்க ஆபீஸ்ல ரெண்டாவது ரவுண்டு. இங்கேருந்து ரெண்டு பேரை எடுத்துப் பாக்கலாம். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. விண்ணப்பம், சர்ட்டிபிகேட் நகல், உங்க கையெழுத்தோட ஒரு லெட்டர். எல்லாம் ஒரே கவர்ல புதன்கிழமைக்குள்ள என் மேஜைல இருக்கணும்.”

படி இறங்கியவர் பாதியில் நின்றார். “கடைசியா வந்தாரே, அவர் யாரு?”

“என் வீட்டுக்காரர் சார்.”

அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அந்த மனிதருக்கு அது இயல்பு.

வீட்டுக்கு மாமாவும் அக்காவும் ஸ்கூட்டரில் போனார்கள். சிக்னலில் நின்றபோது அவர் “பெட்ரோல் போடணும்” என்றார். அவள் “ம்” என்றாள். வீட்டில் அவர் செருப்பைக் கழற்றினார், மாட்டினார், கடைக்குப் போய்விட்டு வந்தார், மறுபடி போனார். அவள் துவைத்த துணியை மடித்து, மடித்ததை உதறித் திரும்ப மடித்தாள். கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வரும். கேட்டால் என்ன சொல்வாரோ என்று உள்ளே போய்விடும். ஆங்கிலத்தில் ஒரு அந்நிய மனிதரிடம் சொல்ல முடிந்தது, தமிழில் என்னிடம் சொல்ல முடியவில்லையா? இந்த ஒரே கேள்விதான் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாடத்தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் பக்கம்: வெரி குட். அடித்தாள். அடுத்தது: வெரி குட். அடித்தாள். பக்கத்துக்குப் பக்கம், பதிலுக்குப் பதில், அவள் எழுதிய கற்பனை அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். உலகத்தில் எங்கே இருக்கிறார் இப்படி ஒரு மனுஷன்? அவளே வேலை தேடிப் போன காலத்தில் எந்த அறையிலும் பார்த்ததில்லை. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கொட்டாவி விட்டார். எங்கேயும் தேறவில்லை. இந்த சென்டரில் எழுத்துப் பரீட்சை மட்டும் வைத்ததால் பிழைத்தாள். பாடம் எழுத உட்கார்ந்தபோது, அன்றைக்குத் தனக்கு யார் கிடைத்திருக்க வேண்டுமோ அவரை எழுதி வைத்துவிட்டாள். பிள்ளைகள் அவரைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வெட்டினால் மட்டும் போதாது என்று தெரிந்தது. இருந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டும். யோசித்து யோசித்து, வெரி குட் இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி எழுதினாள்: ‘கேட்பவர் குனிந்து எழுதுகிறார்.’ சில இடத்தில்: ‘ஜன்னலைப் பார்க்கிறார்.’ ஒரு இடத்தில், வேண்டுமென்றே: ‘கொட்டாவி விடுகிறார்.’

பிறகு பயிற்சிகளை எழுதினாள். முதல் பயிற்சி: பதிலின் கடைசி வாக்கியத்தில் குரலைக் கீழே இறக்கு, மேலே தூக்கி நிறுத்தினால் இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். முடிந்ததும் கையை மடியில் வை. இரண்டாவது: கேட்பவர் மனசுக்குள் மெதுவாகப் பத்து எண்ணும்வரை பேசக் கூடாது, பதில் சொன்னவரும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. மூன்றாவது: அதற்கு மேலும் மௌனம் நீண்டால் ஒரே ஒரு வாக்கியம் அனுமதி. “உட் யூ லைக் மீ டு சே மோர் அபவுட் தட்?” இன்னும் விளக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு மறுபடி வாயை மூடு. நான்காவது: கேட்பவர் பாதியில் வெட்டுவார், விட்ட இடத்துக்கு ஓடாமல் புதுக் கேள்விக்குப் பதில் சொல். ஐந்தாவது: இடம் மாறி உட்காருங்கள். பேசாமல் இருக்கிறவர் ஒன்றும் கோபமாக இல்லை, அடுத்த கேள்வியைத்தான் தேடுகிறார் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் புரியும்.

மாமா ஜன்னலோரம் நின்று, ஏற்கெனவே படித்த பேப்பரைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க,” என்றாள். “ஒரு நிமிஷம் வந்து உக்காருங்க. புதுப் பாடம்.”

“ஞாயித்துக்கிழமையுமா மேடம்?”

“உக்காருங்க.”

வந்து எதிரே உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் சிவப்புக் கோடு போட்ட தாள்கள். முதல் நான்கு கேள்வியும் சாதாரணமாகப் போயின. அவள் குனிந்து எழுதினாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஐந்தாவது கேள்விக்கு வந்தபோது அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“வொய் டிட் யூ லீவ் யுவர் லாஸ்ட் ஜாப்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, மூன்று வாக்கியம் சொன்னார். வாடிக்கையாளர்கள் முன்னால் ஊழியர்களைப் பேசுகிற விதத்தில் எனக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால் நானே விலகினேன். அத்தனை வருஷம் கோபமாக வருகிற வாடிக்கையாளர்களிடம் பேசியதில் பொறுமை கற்றுக்கொண்டேன். அந்தப் பொறுமையை இந்த வேலையில் பயன்படுத்த விரும்புகிறேன். கடைசி வார்த்தையில் குரல் இறங்கி உட்கார்ந்தது.

அப்பழுக்கில்லாத பதில். பொய்யும் இல்லை, புலம்பலும் இல்லை.

அவள் குனிந்து எழுதுவது போல் பாவனை செய்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் பேசவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். ஆறு, ஏழு. இன்னும் ஏதாவது சொல்லுங்களேன் என்று நினைத்தபடி தாளின் ஓரத்தில் வட்டம் வட்டமாகப் போட்டாள். அவர் கை மடியிலேயே இருந்தது. பத்து எண்ணியாயிற்று. பத்துக்கு மேலும் எண்ணினாள். கடைசியில் உடைந்தது அவள்தான்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“இது எத்தனாவது கேள்வி மேடம்? தாள்ல இல்லையே.”

“விளையாடாதீங்க. யாரோ ஒரு ஆளுகிட்ட சொல்றீங்க. நான் அந்த மூலைல ஒக்காந்து கேக்கறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

அவர் தாளில் அடித்திருந்த ஒரு வெரி குட்டை விரலால் தடவினார். “உங்கிட்ட சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?”

“என்ன சொல்லுவேன்? பரவாயில்லங்க, நல்லதுதான் பண்ணீங்கன்னு...”

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“அதான்,” என்றார். “நான் சொத்தைக் கத்திரிக்கா வாங்கிட்டு வந்தாலும் நீ நல்லாருக்குங்கன்னுதான் சொல்லுவ. நான் பண்ணது சரியா, கிறுக்குத்தனமான்னு எனக்கே தெரியல அப்ப. ஒரு ஆளாவது ஒண்ணும் சொல்லாம முழுசாக் கேக்கணும்னு இருந்துச்சு. நீ கேட்டிருக்க மாட்ட. சமாதானம் சொல்லியிருப்ப. நேத்து அந்த ஆளு குனிஞ்சு எழுதிட்டே இருந்தாரா, என்னை அறியாம எல்லாத்தையும் கொட்டிட்டேன்.”

சுருக்கென்றது அவளுக்கு. அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியவில்லை. மறுக்கத் தோன்றியது, அதுவும் சமாதானமாகத்தான் வந்திருக்கும். அதனால் பேசாமல் இருந்தாள்.

“மாடுன்னா திட்டினான்?” என்று பிறகு கேட்டாள்.

“எருமைமாடு. அந்த எருமைய இங்கிலீஷ்ல சொல்லத் தெரியல. அதான் வெறும் மாட்டோட நிறுத்திக்கிட்டேன்.”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தமிழில் சொன்னார். அவள் ‘ம்’ கூடக் கொட்டாமல் கேட்டாள். அது சுலபமாக இல்லை.

திங்கட்கிழமை முழுக்க வகுப்பில் மௌனப் பயிற்சி நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். சென்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது? பேசச் சொல்லிக் குடுக்கத்தான் பீஸ் வாங்கறோம். இங்க ஒருத்தரும் பேசக் காணோமே?”

“நிறுத்தக் கத்துக்கறாங்க சார்.”

“அதுக்குத் தனியா பீஸ் போடலாமா?” என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லாததால், தானே “சும்மா கேட்டேன்” என்றார். பிறகு, “போடறதா இருந்தா கம்மியாத்தான் போடணும்” என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு போனார். ரேடியோ அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிற விஷயம் மட்டும் அவளைப் படுத்தி எடுத்தது. அவள் மார்க் போட்டால் மாமாவுக்குக் கூடுதலாகப் போடுவாளோ என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் வேண்டுமென்றே குறைத்துவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். சென்டர்காரரிடம் விட்டால், “உங்க வீட்டுக்காரர் பேரப் போட்டுருங்கம்மா, யாரு கேக்கப் போறா” என்பார். ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கீழே ஜெராக்ஸ்காரர் நினைவுக்கு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் நகலெடுத்துக் கொடுக்கிற மனிதர். நல்லா வந்திருக்கே என்று யாராவது பாராட்டினாலும் சில்லறை இருக்கா என்பதோடு முடித்துக்கொள்வார். அவர் முகம் மலர்ந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

“எனக்கு இங்கிலீஷ் படிக்கத்தாம்மா வரும். பேச வராது,” என்றார்.

“பேச வேணாண்ணா. தாள்ல இருக்கற கேள்வியப் படிங்க. பதில் முடிஞ்சதும் குனிஞ்சு, முடிச்சாங்கன்னா ஒரு டிக், முடிச்சதுக்கு மேல இழுத்தாங்கன்னா ஒரு கோடு. அவ்வளவுதான். ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“அது நான் எப்பவுமே பண்றதுதானே.”

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி அதே அறை. ஜன்னலுக்கு முதுகு காட்டி ஜெராக்ஸ்காரர், கை மையோடு. எதிரே ஒற்றை நாற்காலி. இந்த முறை அக்கா பீரோ ஓரத்தில் உட்காரவில்லை. மாடிப்படி பெஞ்சில், மற்றவர்களோடு வெளியே உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. கேள்விகளை அவர் வாசிப்பது மங்கலாகக் கேட்டது. எது பதில், எது மௌனம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் தானாக ஆடியது. பக்கத்திலிருந்த ரேடியோ அவள் முழங்காலைப் பிடித்து நிறுத்தினாள். “அக்கா, ரெண்டாவது பயிற்சி,” என்று முணுமுணுத்தாள்.

ரேடியோ உள்ளே போனபோது கேள்வி கேட்டது, பதில் கேட்டது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அப்படி ஒரு அமைதியை அவள் இருக்கும் இடத்தில் யாரும் கண்டதில்லை. சிரிப்பு இந்தத் தடவை கடைசிக் கேள்விவரை தாக்குப் பிடித்தாள். ஜெராக்ஸ்காரர் தும்மியதும் கதை முடிந்தது. டவர் பலவீனம்வரை நன்றாகப் போனான். அங்கே மட்டும் ஒரு நீண்ட மௌனத்துக்குப் பிறகு அவன் குரல் மறுபடி கிளம்பியதை எல்லோரும் கேட்டார்கள். அண்ணன் இந்தத் தடவையும் வந்துவிட்டான்.

மாமா உள்ளே போனார். கடைசிக் கேள்வி வரைக்கும் சீராகப் போனது. வேலையை ஏன் விட்டாய். பதில். அதன் பிறகு மௌனம். மௌனம். அக்கா எண்ணுவதை விட்டுவிட்டாள். ஜெராக்ஸ்காரர் தாளைப் புரட்டுகிற சத்தம். அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது, ஊதுகிறார், நகத்தால் பிரிக்கிறார். உள்ளே ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு மாமாவின் குரல் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“உட் யூ லைக் மீ டு சே மோர் அபவுட் தட்?”

“நோ,” என்றார் ஜெராக்ஸ்காரர். அன்றைக்கு அவர் தாளில் இல்லாமல் பேசிய ஒரே ஆங்கிலம் அதுதான்.

மாமா வேறெதுவும் சொல்லவில்லை. கதவு திறந்தது. ஜெராக்ஸ்காரர் தாளை அவள் கையில் கொடுத்தார். ரேடியோவுக்கும் மாமாவுக்கும் எல்லாம் டிக். டவருக்கு ஒரு கோடு. சிரிப்புக்குக் கடைசியில் ஒரு கோடு, பக்கத்தில் ‘தும்மல் என்னுது’ என்று தமிழில் எழுதியிருந்தார்.

சிரிப்பு தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “தும்மல் அவருதா இருந்தாலும் சிரிப்பு என்னுதுதானேக்கா,” என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

டவர் நிமிர்ந்து நின்றான். “அக்கா, யோசிக்காதீங்க. மாமா பேர எழுதுங்க. நான் உளர்றது எனக்கே கேட்டுச்சு. போன தடவ அதுகூடக் கேக்கல.”

அவனை இழுத்து உட்கார வைத்து ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு. “கேட்டுச்சுல்ல. அப்ப அடுத்த கம்பெனிக்கு நிறுத்திடுவ,” என்றாள். அதற்கு மேல் சேர்க்கவில்லை. அவன் தலையாட்டினான்.

சென்டர்காரர் மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். முதல் தாளில், மிகச் சிறந்த, அபாரமான, தங்கமான என்று வந்துகொண்டே இருந்தது. படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தாள். இரண்டாவது தாளில் இவ்வளவுதான் எழுதினாள்: இரண்டாவது சுற்றுக்கு இந்த இருவரை அனுப்புகிறோம். இருவரும் பதில் சொல்லி முடித்த இடத்தில் நிறுத்துகிறார்கள். மதிப்பீடு செய்தது நான் அல்ல, வெளி ஆள். அவர் போட்ட தாளின் நகல் இணைத்திருக்கிறேன். இரண்டாவது பெயர் என் கணவருடையது. அவர் அன்றைக்கு உங்களிடம் சொன்னது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

கையெழுத்துப் போட்டாள். பெயர்களைச் சரிபார்த்தாள், விண்ணப்பங்களைச் சரிபார்த்தாள், சான்றிதழ் நகல்களை வரிசைப்படுத்தினாள், மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தாள். மாமா வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

“மேடம், எழுதினத திரும்பத் திரும்பச் செக் பண்றது டவரோட பலவீனம்,” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

கூரியர் கடையில் கவுன்ட்டரில் இருந்தவர் கவரை வாங்கி எடை போட்டார். “உள்ள என்ன?”

“பேப்பர்தாங்க.”

நாளைக்குப் போய்ச் சேருமா, கட்டாயம் சேருமா, காலையிலா மத்தியானமா, இதில் ஒரு ஆளோட வாழ்க்கையே இருக்கிறது என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவர் குனிந்து ரசீது எழுத ஆரம்பித்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளைக்குக் கண்டிப்பா போயிடும்மா என்று சொல்லவும் இல்லை. மாமா பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, பேனா உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவர் பசையைத் தடவி, மடிப்பை அழுத்தி ஒட்டி, மேலே நாடா சுற்றி, முத்திரையைக் குத்திப் பின்னால் இருந்த சாக்குப் பையில் கவரைப் போட்டார்.

“வேற ஏதாவது இருக்கா?” என்றார்.

“இல்ல,” என்றாள் அக்கா.

வண்டிக்காரர் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போனார்.